ஃபேன் ஆடுவது வேறு, உறுமுவது வேறு: முதலில் எதைப் பார்ப்பது?

சீலிங் ஃபேன் ஆடுகிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும். பேரிங் போய்விட்டது என்பார் ஒருவர். கண்டென்சரை மாற்றுங்கள் என்பார் அடுத்தவர். மூன்றாமவர் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார். சரி, ஆடவில்லை, உறுமுகிறது என்று மாற்றிச் சொன்னாலும் அதே மூன்று பதில்கள்தான் கிடைக்கும்.

ஆட்டத்துக்கும் உறுமலுக்கும் பெரும்பாலும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கண்டென்சரை எத்தனை முறை மாற்றினாலும் ஆடுகிற ஃபேன் ஆடிக்கொண்டுதான் இருக்கும். இறக்கைகளை எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்தாலும் உறுமுகிற ஃபேன் உறுமத்தான் செய்யும். ஆட்டம் பெரும்பாலும் இறக்கைகளில் பிறக்கிறது, உறுமல் மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் பிறக்கிறது. எது எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலையைக் காசு செலவில்லாமல் நாமே செய்துவிடலாம்.

## ஸ்விட்சை அணைத்துக் கேளுங்கள்

எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அறையில் வேறு சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டு ஸ்விட்சை அணையுங்கள். இறக்கைகள் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு வேண்டியது. அப்போது சுழற்சி இருக்கிறது, மின்சாரம் இல்லை.

ஸ்விட்ச் அணைந்த அதே கணத்தில் சத்தமும் வெட்டியதுபோல் நின்றால், அது மின்சாரத்தால் வந்த சத்தம். சத்தம் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இடைவெளிவிட்டு மெதுவானால், அது சுழற்சியால் வந்தது: தளர்ந்த திருகு, ராடின் மேலோ கீழோ எங்கோ உரசும் கப், தேய்ந்த பேரிங் என்று ஏதாவது ஒன்று.

இந்தச் சோதனையை இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது. முதல் தடவை காது ஏமாறும், ஏனென்றால் காற்றின் இரைச்சலும் கூடவே குறைகிறது.

## ஆட்டம் எப்படிப் பிறக்கிறது

கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக நம் கையை இழுக்கும். வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும். ஃபேனில் மூன்று இறக்கைகளும் இப்படித்தான் மோட்டாரை ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன. மூன்றின் இழுப்பும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மோட்டார் அசையாது. ஒன்று மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தால், அந்தக் கூடுதல் இழுப்பு மட்டும் மிஞ்சி, இறக்கையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வரும். இதற்குப் பெயர் சமநிலைக் குறைவு. நாம் கீழே நின்று பார்க்கும் ஆட்டம் அதுதான்.

எவ்வளவு கனம் என்பதில்தான் பலருக்கு நம்பிக்கை வராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 1200 மி.மீ. உள்ள ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 6. ஓர் இறக்கையில், நடுமையத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி, வெறும் 10 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அது மோட்டாரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை, கையில் கிட்டத்தட்ட 700 கிராம் எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இருக்கும். அதுவும் நொடிக்கு 6 முறை திசை மாறி மாறி. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் இழுப்பு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். முழு வேகத்தில் ஆடும் ஃபேன் இரண்டாம் எண்ணில் சாதுவாகிவிடுவது இதனால்தான்.

அணைத்த பிறகு, நிற்கப்போகும் நேரத்தில் சில ஃபேன்கள் ஒருமுறை அகலமாக அசைந்துவிட்டு நிற்கும். பயப்பட வேண்டாம். கொக்கியில் தொங்கும் ஃபேன் ஊசலைப் போல நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஆடக்கூடியது. சுழலும் வேகம் அந்தத் தாளத்தைக் கடக்கும்போது சின்னச் சமநிலைக் குறைவும் பெரிதாகத் தெரியும்.

## எடை சரி, படுக்கை தப்பு

எடை மூன்றிலும் ஒன்றாகவே இருந்தாலும், ஓர் இறக்கை படுத்திருக்கும் உயரமோ சாய்வோ மாறியிருந்தால் ஃபேன் ஆடலாம். இறக்கையின் வேலை காற்றைக் கீழே தள்ளுவது. காற்றைக் கீழே தள்ளும் இறக்கையைக் காற்று மேலே தள்ளும். இறக்கையை மோட்டாரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டை ஒன்று மட்டும் வளைந்து, இறக்கை தாழ்ந்தோ முறுக்கிக்கொண்டோ இருந்தால், அந்தப் பக்கம் காற்றின் தள்ளல் மாறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மோட்டார் ஒரு பக்கமாகச் சாயும்.

பட்டை எப்படி வளைகிறது? பெரும்பாலும் துடைக்கும்போதுதான். ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கையால் இறக்கையின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தபடி, மறு கையால் அழுத்தித் துடைக்கிறோம். நுனியில் கொடுக்கும் அழுத்தம் அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள நெம்புகோலாகப் பட்டையின் அடியில் போய் விழுகிறது. துடைத்த மறுநாளிலிருந்து ஃபேன் ஆடுகிறது என்றால், முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். துடைக்கும்போது துணியோடு இன்னொரு உள்ளங்கையையும் இறக்கையின் அடியில் ஏந்தலாகக் கொடுத்தால் இந்த வம்பே இல்லை.

ஆக, ஆட்டத்துக்கு இறக்கையின் எடையும் காரணமாகலாம், இறக்கையின் படுக்கையும் காரணமாகலாம். படுக்கையைச் சரிபார்க்காமல் எடையை ஒட்டிக்கொண்டே போனால், ஒரு வேகத்தில் அடங்கி இன்னொரு வேகத்தில் ஆடும். எனவே எடையைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

## ஏறுவதற்கு முன்பும் ஏறிய உடனும்

சுவர் ஸ்விட்ச் மட்டும் போதாது, அந்த அறைக்கான எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். ஆடாத ஏணியோ ஸ்டூலோ வேண்டும். கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் நல்லது.

ஏறியதும் இறக்கையைத் தொடாதீர்கள். முதலில் கூரைக் கொக்கியை மூடியிருக்கும் மேல் கப்பைத் தளர்த்திக் கீழே இறக்கி, ஃபேன் தொங்கும் இடத்தைப் பாருங்கள். கொக்கி, அதில் ரப்பர் புஷ், அதன் ஊடே போகும் போல்ட்டு, போல்ட்டின் நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின். ராடின் கீழ் நுனியிலும் இதேபோல் ஒரு போல்ட்டும் பின்னும் மோட்டாரைப் பிடித்திருக்கும். மோட்டாரை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கொக்கியில் மொத்த ஃபேனும் சற்று ஊசலாடினால் அது இயல்பு. ஃபேன் தன் எடையால் தானே நேராகத் தொங்க வேண்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ராடு ஒரு பக்கமும் மோட்டார் ஒரு பக்கமுமாக ‘டக்’ என்று அசைந்தால் அது இயல்பில்லை. போல்ட்டு தளர்ந்திருக்கிறது அல்லது துளை அகன்றுவிட்டது.

ஆட்டத்தைவிட இதுதான் ஆபத்து என்பது என் கருத்து. ஒழுங்கான போல்ட்டும் பின்னும் இருக்கும் ஃபேன் கொஞ்சம் ஆடினால் எரிச்சல்தான். பின் இல்லாத ஃபேன் ஆடாமல் ஓடினாலும் அதன் கீழே படுக்கக் கூடாது. பின் காணவில்லை, துளை நீண்டுவிட்டது, கொக்கி தேய்ந்து மெலிந்திருக்கிறது என்றால் மற்ற வேலைகளை அப்படியே விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மேல் கப்பைத் திரும்ப ஏற்றும்போது ஒரு சின்ன விஷயம். அதைக் கூரையோடு ஒட்ட அழுத்தாமல் ஒரு விரல் கனம் இடைவெளி விடுங்கள். கூரையைத் தொடும் கப் கடகடக்கும், மோட்டாரின் அதிர்வையும் கூரைக்குக் கடத்தும்.

## ஓர் ஃபேனைச் சரிசெய்து பார்ப்போம்

தொங்கும் இடம் சரியாக இருக்கிறது, ஆனால் முழு வேகத்தில் கீழ் மூடி நன்றாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை துடைப்பது. தூசு இறக்கையின் மேல்பக்கத்திலும், காற்றைக் கிழித்துப் போகும் முன் விளிம்பிலும் கெட்டியாகப் படியும். மூன்று இறக்கைகளையும் மேலும் கீழும் ஒரே மாதிரி துடைக்க வேண்டும். கைக்கு எட்டிய இரண்டை மட்டும் துடைத்தால் ஆட்டத்தை நாமே உண்டாக்கியதாக ஆகும். அப்புறம் இறக்கைத் திருகுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள்.

அடுத்து அளவு. இறக்கைகளில் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிக்கொள்ளுங்கள். கூரையில் ஒரு புள்ளி குறித்து, அங்கிருந்து 1-ஆம் இறக்கையின் நுனி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு டேப்பை நகர்த்தாமல், இறக்கைகளைக் கையால் சுற்றி 2-ஆவதையும் 3-ஆவதையும் அதே புள்ளிக்கு நேரே கொண்டுவந்து அளக்க வேண்டும். கூரை எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்காது, ஃபேனும் இம்மி சாய்ந்து தொங்கலாம். ஒரே இடத்தில் அளந்தால் இந்த இரண்டு பிழையும் கணக்கில் வராது.

நம் ஃபேனில் நுனியின் முன் விளிம்பு 31.0, 31.1, 31.9 செ.மீ. என்று வருகிறது. 3 மி.மீ. வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 3-ஆம் இறக்கை ஏறக்குறைய 9 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, இது அதிகம். பின் விளிம்பையும் அளந்து பாருங்கள். அதுவும் அதே அளவு தாழ்ந்திருந்தால் இறக்கை மொத்தமாகத் தொங்குகிறது. ஒரு விளிம்பு மட்டும் மாறியிருந்தால் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

உடனே வளைக்கப் போகாதீர்கள். 3-ஆம் இறக்கையின் பட்டையை மோட்டாரிலிருந்து கழற்றி, இடையில் பெயின்ட் திட்டோ துருவோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள். அடியில் அரை மில்லிமீட்டர் சிக்கியிருந்தால் நுனியில் அது பல மில்லிமீட்டராகத் தெரியும். அதற்குப் பிறகும் தாழ்ந்தே இருந்தால், பட்டையின் அடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்து, மறு கையால் இறக்கையின் நடுப்பகுதியை மெல்ல மேலே ஏந்தி, விட்டுவிட்டு அளந்து பார்க்க வேண்டும். தகட்டில் செய்த பட்டை இதற்கு இணங்கும். வார்ப்பில் செய்த அலங்காரப் பட்டை வளையாது, விரிசல் விடும். அதற்கு இறக்கைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய அட்டை வாஷர் வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவதுதான் வழி.

அடுத்தடுத்த இறக்கை நுனிகளுக்கு இடையேயுள்ள தூரத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 1200 மி.மீ. ஃபேனில் மூன்று இடைவெளியும் ஏறக்குறைய 104 செ.மீ. வர வேண்டும். ஒன்று குறைந்து இன்னொன்று கூடியிருந்தால் ஓர் இறக்கை பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது.

இப்போது ஓடவிட்டால் ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். மிச்சம் இருப்பது எடை. இதற்குத் துணி காயப்போடும் கிளிப் ஒன்று போதும். 1-ஆம் இறக்கையின் நீளத்தில் நடுவே, பின் விளிம்பில் கிளிப்பை மாட்டி, பறந்துவிடாதபடி டேப்பால் ஒட்டி, சற்று ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள். ஆட்டம் கூடியது. 2-இல் மாட்டினால் இன்னும் கூடியது. 3-இல் மாட்டினால் நன்றாகக் குறைந்தது. அப்படியென்றால் 3-ஆம் இறக்கை மற்றதைவிட எடை குறைவு. இனிக் கிளிப்பை மோட்டார் பக்கமும் நுனிப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். நுனிக்குப் போகப் போக அதே கிளிப்புக்கு இழுப்பு அதிகம். அந்த இடம் கிடைத்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு, அதே எடையுள்ள ஒட்டும் எடைத்துண்டையோ சின்ன உலோக வில்லையையோ, அதே தூரத்தில் இறக்கையின் மேல்பக்கம், அகலத்தின் நடுவில் ஒட்டிவிடலாம்.

சில நேரம் 1-இல் மாட்டினாலும் குறையும், 2-இல் மாட்டினாலும் குறையும். குழம்ப வேண்டாம், 3-ஆவது கனமாக இருக்கிறது என்று அர்த்தம். 1, 2 இரண்டிலும் சமமாக ஒட்டினால் சேர்ந்த இழுப்பு 3-க்கு நேர் எதிரே விழும்.

இத்தனைக்குப் பிறகும் கீழ் மூடி ஓரிரு மில்லிமீட்டர் நடுங்கினால் விட்டுவிடுங்கள். முழுக்க அசையாத ஃபேன் அபூர்வம். நன்றாக ஆடுவது அடங்கவே மறுத்தால், இறக்கைகள் வேறு ஃபேனிலிருந்து கலந்து வந்தவையா என்று விசாரியுங்கள். இறக்கைகள் எடை பொருத்தித் தொகுப்பாக வருபவை. ஒன்று கெட்டால் மூன்றையும் மாற்றுவதுதான் முறை.

## உறுமல் எங்கிருந்து வருகிறது

இனி அடுத்த கட்சி. மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரும்புத் தகடுகளின் மேல் சுற்றப்பட்டிருக்கின்றன. மின்சாரம் பாயும்போது இரும்பு காந்தமாகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை (சில நாடுகளில் 60 முறை) முன்னும் பின்னுமாக அலைவதால், ஒவ்வோர் அலைக்கும் காந்தம் இரண்டு தடவை உச்சத்துக்குப் போய் இறங்கும். நொடிக்கு 100 முறை இரும்பு இழுபட்டுத் தளர்கிறது. அந்த 100 அதிர்வுதான் காதில் ‘ம்ம்ம்’ என்று விழுகிறது. ஆட்டத்தின் தாளம் நொடிக்கு 6, உறுமலின் தாளம் 100. இரண்டுக்கும் மருந்து வேறு என்று அடித்துச் சொல்வதற்கு இதுவே போதும்.

கிட்டப்போய்க் காதுகொடுத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய உறுமல் எல்லா ஃபேனிலும் உண்டு. படுக்கையிலிருந்தே கேட்டால்தான் பிரச்சினை.

## முதல் சந்தேகம் ரெகுலேட்டர்

ரெகுலேட்டரைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோங்கள். உறுமல் அங்கே அடங்கி, நடு எண்களில் மட்டும் வந்தால், குற்றவாளி ரெகுலேட்டர்தான், மோட்டார் இல்லை. கடைசி எண்ணில் மின்சாரம் கிட்டத்தட்ட நேராகவே ஃபேனுக்குப் போய்விடுகிறது. நடுவில், குமிழைத் தொடர்ச்சியாகத் திருப்பும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் ஒவ்வொரு மின்சார அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மீதியை அனுப்பி வேகத்தைக் குறைக்கின்றன. வெட்டுப்பட்ட அலை சீராக ஏறாமல் திடீரென்று எகிறும். சுருளுக்கு நொடிக்கு 100 முறை உதை விழுந்து உறுமல் கரகரப்பாகிவிடும். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரை ஃபேனுக்குப் போட்டாலும் இதே கதைதான்.

இதற்கு மாற்று, கண்டென்சர்களை வைத்துப் படிப்படியாக வேகம் மாற்றும் வகை. அது அலையை வெட்டுவதில்லை, அளவை மட்டும் குறைக்கிறது. 1, 2, 3 என்று ‘டிக்’ சத்தத்தோடு நிற்கும் குமிழ்கள் பெரும்பாலும் இந்த வகை. ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் சுவர் ரெகுலேட்டரே கூடாது. அதன் வேகத்தை உள்ளே இருக்கும் மின்சுற்றே பார்த்துக்கொள்ளும்.

## கண்டென்சர் எப்போது?

கடைசி எண்ணிலும் உறுமுகிறது, கூடவே வேகமும் முன்போல இல்லை, ஆரம்பிக்கும்போது தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது என்றால் அப்போது கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். ஃபேன் மோட்டாரில் இரண்டு தொகுதிச் சுருள்கள் உண்டு. இரண்டிலும் காந்தம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்தால் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியாது. ஒன்றன் மின்னோட்டத்தை மற்றதிலிருந்து சற்று விலக்கித் திசை காட்டும் சின்ன மின்தேக்கிதான் கண்டென்சர். அது பலவீனமானால் காந்தம் சீராகச் சுற்றாமல் துடிக்கத் தொடங்கும். உறுமல் கூடுவது அந்தத் துடிப்பால்தான். முழுக்கச் செத்துப்போனால் ஃபேன் நின்ற இடத்திலேயே உறுமும். நீளமான குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கமே சுற்ற ஆரம்பிக்கும், அது தலைகீழ்த் திசையாக இருந்தாலும். கண்டென்சர் போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. உறுதியானதும் அணைத்துவிடுங்கள், அப்படியே உறுமவிட்டால் சுருள் சூடாகும்.

மாற்றும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்க வேண்டும். பல ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபாரட். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போட்டால் சுருள் சூடாகும், உறுமலும் கூடும். கழற்றிய கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

## எஞ்சியவை: ரப்பரும் பேரிங்கும்

ரெகுலேட்டர், கண்டென்சர் இரண்டும் சரி, ஆனாலும் கூரையே முனகுவதுபோல் இருக்கிறதா? கொக்கியிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். மோட்டாரின் அதிர்வு ராடு வழியாகக் கூரைக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. வருடக்கணக்கில் எடை தாங்கி அது நசுங்கிக் கல்லாக இறுகியிருந்தால், இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு மெல்லிய உறுமலைப் பெரிதாக்கிவிடும்.

பேரிங் கெட்டால் வருவது உறுமல் இல்லை, அரைக்கிற சத்தம். ஸ்விட்சை அணைத்த பிறகும் ‘கர்ர்ர்’ என்று தொடரும், கையால் மெல்லச் சுற்றினாலும் விரலில் நறநறப்பு தெரியும். எண்ணெய் விடும் யோசனையை இங்கும் ஏற்காதீர்கள். ஃபேன்களில் பெரும்பாலும் கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்தான் இருக்கும். மேலிருந்து விடும் எண்ணெய் உள்ளே போய்ச் சேர்ந்தாலும் கிரீஸைக் கரைத்து வெளியே தள்ளும், பிறகு தரையில் சொட்டும். மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான். அதற்காக ஃபேனைக் கழற்றும்போது எந்த இறக்கை மோட்டாரில் எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டிலும் அடையாளம் போட்டு வையுங்கள். இடம் மாற்றி மாட்டினால், அதுவரை இல்லாத ஆட்டம் அன்றைக்குத் தொடங்கிவிடும்.